பத்து வருடம் தாங்கும் அகழி: பெயிண்ட் கடையில் உட்கார்ந்து பார்த்தது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கனவே தெரியும். ஒரு கம்பெனியின் லாபத்தைப் போட்டியிடமிருந்து எது பல வருடம் காப்பாற்றுகிறது என்பதுதான் விஷயம். அதைப் பங்குச் சந்தை வார்த்தைகளில் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒருவர் மாங்கூழ் ஆலை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காகச் சொல்லும் கற்பனை ஆலை. இடம், கட்டடம், மெஷின் எல்லாம் சேர்த்து 12 கோடி. அது போதாது, சீசன் இரண்டு மூன்று மாதம்தான், அதற்குள் பழத்தை வாங்கிக் கூழாக்கி டிரம்மில் அடைத்து, வருடம் முழுக்க வைத்து விற்க வேண்டும், வாங்குகிறவர் பணம் கொடுக்கவும் நாளாகும், அதற்கு ஒரு 8 கோடி. ஆக மொத்தம் 20 கோடி உள்ளே போயிருக்கிறது. முதல் இரண்டு வருடம் ஏற்றுமதி நன்றாக இருக்கிறது, வட்டிக்கும் வரிக்கும் முன்னால் 5 கோடி நிற்கிறது. போட்ட பணத்துக்கு 25 சதவீதம். ஊரே பேசும்.

ஊர் பேசினால் என்ன நடக்கும்? அடுத்த வருடம் அதே ரோட்டில் இன்னும் இரண்டு ஆலை வரும். மெஷின் விற்கிறவர் யார் கேட்டாலும் விற்பார், பேங்க் யார் கேட்டாலும் திட்ட அறிக்கையைப் பார்த்துக் கடன் கொடுக்கும், பெங்களூரா மாங்காய் யார் லாரி அனுப்பினாலும் ஏறும். மூன்று ஆலையும் ஒரே தோப்புக்குப் போட்டி போட்டால் பழ விலை ஏறும். அந்தப் பக்கம் கூழ் வாங்கும் குளிர்பானக் கம்பெனிக்கோ வெளிநாட்டு இறக்குமதியாளருக்கோ எந்த ஆலையின் டிரம் என்பது முக்கியமில்லை, தரம் ஒன்றாக இருந்தால் எங்கே குறைவோ அங்கே வாங்குவார். நம் ஆலையின் லாபம் 5 கோடியிலிருந்து 1 கோடிக்கு இறங்குகிறது. 20 கோடிக்கு 1 கோடி, 5 சதவீதம். பேங்க் வட்டியே அதைவிட அதிகம். பழம் மலிந்தால் ஆலை பிழைத்துக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. 2025 சீசனில் பெங்களூரா கிலோ நாலைந்து ரூபாய்க்கு விழுந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஆலைகள் பக்கமும் முந்தைய கூழே விற்காமல் தேங்கிக் கிடந்த நேரம் அது.

இதில் ஆலைக்காரர் செய்த தவறு என்று ஒன்றுமில்லை. நல்ல உழைப்பாளி, நல்ல மெஷின், நல்ல தரம். ஆனாலும் அவருடைய 25 சதவீதத்தை எடுத்துக்கொண்டு போக வந்தவர்களைத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அந்த 'எதுவும்' என்பதைத்தான் முதலீட்டு உலகில் அகழி என்கிறார்கள். கோட்டையைச் சுற்றி வெட்டி நீர் நிரப்பி வைப்பார்களே, அதேதான். வாரன் பஃபெட் பல வருடங்களாகப் பேசிப் பேசி இந்த உவமையைப் பரப்பினார். கோட்டை என்பது கம்பெனி சம்பாதிக்கும் லாபம். உள்ளே செல்வம் இருப்பது தெரிந்தால் படை வரத்தான் செய்யும். வந்த படை உள்ளே நுழைய முடியாமல் எது தடுக்கிறது என்பதுதான் கேள்வி.

தரமான கம்பெனியில் முதலீடு செய்வது என்று சொல்வதன் நேர் அர்த்தமும் இதுதான். இந்த வருடம் எவ்வளவு லாபம் என்பதை விட, போட்ட பணத்துக்கு அதிக வருமானம் தரும் நிலையை இந்தக் கம்பெனி பத்து வருடம் காப்பாற்றிக்கொள்ளுமா என்று பார்ப்பது.

ஏன் பத்து? ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரிந்துவிடும். இரண்டு கம்பெனி, இரண்டிலும் 100 ரூபாய் போட்டிருக்கிறது. ஒன்று வருடத்துக்கு 25 சதவீதம் சம்பாதித்து, அதில் பாதியைத் திரும்பத் தொழிலிலேயே போடுகிறது. இன்னொன்று 8 சதவீதம் சம்பாதித்து அதேபோலப் பாதியைப் போடுகிறது. வரியைக் கணக்கில் விட்டுவிடுவோம். பத்து வருடம் கழித்து முதல் கம்பெனிக்குள் இருக்கும் பணம் சுமார் 325 ரூபாய், வருட லாபம் 25-லிருந்து 81 ஆகியிருக்கும். இரண்டாவதில் பணம் 148 ரூபாய், லாபம் 8-லிருந்து 12-க்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஆனால் முதல் கம்பெனியின் 25 மூன்றாவது வருடமே 10 ஆகிவிட்டால் இந்தக் கணக்கு முழுக்கக் குப்பை. அகழி இல்லாமல் இந்தப் பெருக்கம் இல்லை.

அந்தச் சதவீதத்துக்குப் பெயர் ஆர்.ஓ.சி.இ. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை, பங்குதாரர் பணமும் கடனும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் வருவது. நம் ஆலைக்குப் போட்டோமே, 5-ஐ 20-ஆல் வகுத்து, அதுவேதான். நீங்களே ஆண்டறிக்கையை எடுத்து வகுத்துப் பார்க்கலாம், ஒருமுறையாவது அப்படிச் செய்து பாருங்கள். அப்புறம் சோம்பல் வந்தால் screener.in தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுக் கீழே இறங்கினால் ROCE % என்று ஒரு வரிசை இருக்கும், பத்துப் பன்னிரண்டு வருட எண்கள் பக்கம் பக்கமாக நிற்கும்.

அந்த வரிசையைப் பார்க்கும்போது எல்லோரும் செய்கிற ஒரு பிழை உண்டு. சராசரியைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது மிகக் குறைந்த எண்ணை. சர்க்கரை, ஸ்டீல், ரசாயனக் கம்பெனிகளில் சிலவற்றுக்கு ஒரு வருடம் 40 வரும், இரண்டு வருடம் 4 வரும், சராசரி அழகாகத் தெரியும். அகழி நல்ல வருடத்தில் தெரியாது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2020-ல் கொரோனா ஊரடங்கு, 2021-22-ல் கச்சா எண்ணெயும் மூலப்பொருட்களும் தாறுமாறாக ஏறின. சமீபத்திய பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள்ளேயே இத்தனை பரீட்சை நடந்திருக்கிறது. அந்த வருடங்களில் எண் எவ்வளவு இறங்கியது, இறங்கியது எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்று பாருங்கள்.

ஆனால் எண் நடந்ததை மட்டும்தான் சொல்லும். ஏன் நடந்தது என்று சொல்லாது. அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

என் தாய்மாமா தருமபுரியில் ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஏசியன் பெயிண்ட்ஸ் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தக் கடையின் தரையளவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கடையின் முன்பக்கம் பத்தடிதான். அதில் கல்லாப்பெட்டி, தூரிகை மாட்டும் ஸ்டாண்ட், அடுக்கிய பக்கெட்டுகள், மிச்சம் உள்ள இடத்தில் கலர் கலக்கும் மெஷின். வாடிக்கையாளர் ஷேடு கார்டில் விரலை வைத்துக் காட்டுவார். கடைப் பையன் வெள்ளை பேஸ் டப்பாவைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்து எண்ணை அடிப்பான், மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலர் சாயம் இறங்கும், மூடியைத் தட்டி மூடிப் பக்கத்தில் உள்ள குலுக்கும் மெஷினில் மாட்டினால் சில நிமிடத்தில் கேட்ட நிறம் தயார். ஆயிரக்கணக்கான நிறத்தை டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கி வைக்க வேண்டியதில்லை, சில வகை பேஸும் சாயமும் போதும். ஒரு கம்பெனியின் மெஷின் அந்தக் கம்பெனியின் சாயத்துக்கும் அதன் ஷேடு எண்ணுக்கும்தான். ஒரு கடையில் இரண்டு மெஷின் வைக்கலாம், பெரிய கடையென்றால் மூன்று. நாலாவதை வைக்க யாருக்கும் இடமில்லை.

சில வருடம் முன்னால் ஒரு கம்பெனி ஆள் வந்து மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி மாமாவிடம் மன்றாடினார். கமிஷன் மற்றவர்களை விட அதிகம் என்றார். மாமா தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "மாப்ள, கமிஷன் அதிகந்தான். ஆனா அவன் சரக்கு பத்து நாளைக்கு ஒருக்கா வரும். நான் ஒரு லட்ச ரூபா சரக்க வாங்கிப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருக்கணும். ஏசியன் பெயிண்ட்ஸ்காரனுக்கு இன்னைக்குச் சொன்னா நாளைக்கு வண்டி வருது."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அகழியின் ஆழம் இருக்கிறது. சரக்கு சீக்கிரம் வந்தால் கடைக்காரர் குறைவாக வைத்திருந்தால் போதும். குறைவாக வைத்திருந்தால் அதே ஒரு லட்சம் வருடத்தில் பல தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 5 ரூபாய் நின்றாலும் பன்னிரண்டு சுற்று சுற்றினால் 60 ரூபாய். ஒரு சுற்றுக்கு 8 ரூபாய் நின்று ஐந்தே சுற்று என்றால் 40 ரூபாய். கமிஷன் குறைவாகக் கொடுக்கும் கம்பெனியால்தான் கடைக்காரருக்கு வருமானம் அதிகம். அதனால் அந்தக் கம்பெனி கமிஷனில் மிச்சம் பிடிக்கிறது, கடைக்காரரும் சந்தோஷமாக இருக்கிறார். (5, 8, 12 எல்லாம் விளங்குவதற்கு நான் போட்ட எண்கள்.)

சரி, போட்டிக் கம்பெனியும் தினம் வண்டி அனுப்பலாமே? அனுப்பலாம், ஆனால் வண்டி நிறைய வேண்டும். ஒரு வண்டி ஒரு நாளில் முப்பது கடைக்குச் சரக்கு இறக்கினால் ஒரு பக்கெட்டுக்கு விழும் செலவு ஒன்று, மூன்று கடைக்கு இறக்கினால் அது வேறு. அடிக்கடி அனுப்ப விற்பனை வேண்டும், விற்பனைக்குக் கடை வேண்டும், கடை பிடிக்க அடிக்கடி அனுப்ப வேண்டும். கோழியா முட்டையா கதை. முதலில் அந்த வட்டத்துக்குள் நுழைந்தவருக்கு அது சாதகம், பின்னால் வருகிறவருக்கு அதுவே சுவர்.

ஏசியன் பெயிண்ட்ஸ் 1942-ல் மும்பையில் நான்கு நண்பர்கள் தொடங்கியது. அப்போது வெளிநாட்டுக் கம்பெனிகள் பெரிய ஊர்களின் மொத்த வியாபாரிகளைக் கையில் வைத்திருந்தன. இவர்கள் சின்ன ஊர்களுக்கும் சின்ன டப்பாக்களுக்கும் போனார்கள், மொத்த வியாபாரியைத் தாண்டி நேராகக் கடைக்கே சரக்கு அனுப்பும் முறையை வளர்த்தார்கள், 1967 வாக்கில் நாட்டிலேயே பெரிய பெயிண்ட் கம்பெனி ஆகிவிட்டார்கள். 1970-களிலேயே கம்ப்யூட்டர் வாங்கி, எந்த ஊரில் எந்த நிறம் எப்போது போகும் என்று கணிக்கத் தொடங்கினார்கள். பொங்கலுக்கு முன்னால் எங்கள் பக்கம் வெள்ளையும் பிரைமரும் எவ்வளவு போகும் என்பது அவர்களுக்குப் பல வருடக் கணக்காகத் தெரியும். சமீப வருடங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கடைகளுக்குச் சரக்கு போகிறது, பெரிய நகரங்களில் ஒரே நாளில் பலமுறை. அந்தக் கம்பெனியின் ஆர்.ஓ.சி.இ. வரிசையைப் பார்த்தால் நான் சொன்ன அந்தப் பரீட்சை வருடங்கள் எதிலும் 20 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. கச்சா எண்ணெய் ஏறியபோது பலமுறை விலை ஏற்றினார்கள், கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பெயிண்டர்கள் முணுமுணுத்தார்கள், வாங்குகிறதை நிறுத்தவில்லை.

வாங்குகிறவரும் ஏன் விலகவில்லை என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவில் பெரும்பங்கு பெயிண்டரின் கூலி, பட்டி பார்ப்பது, தேய்ப்பது. பக்கெட்டுக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, ஒரு வருடத்தில் சுவர் பொரிந்தால் திரும்பக் கூலி கொடுக்க வேண்டும். அதனால் தெரியாத பெயரைத் தொட வீட்டுக்காரருக்குப் பயம். பெயிண்டருக்கும் பயம், அவருடைய பேர்தான் கெடும். இப்படி மொத்தச் செலவில் சின்னப் பங்காக இருந்து, கெட்டால் பெரிய நஷ்டம் தரும் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே விலை ஏற்றும் சக்தி இருக்கும். அகழி தேடும்போது இதை ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பலரும் அகழி என்று எண்ணி ஏமாறும் ஒன்றைப் பற்றி. அரசாங்கக் காகிதம் தரும் பாதுகாப்பு. இதற்கு உதாரணம் நம் மாவட்டத்தை ஒட்டியே இருக்கிறது. கைக்கடிகாரம் என்றால் எச்.எம்.டி. என்றிருந்த காலம் என் அப்பா தலைமுறைக்குத் தெரியும். 1961-ல் பெங்களூரில் தொடங்கிய பொதுத்துறைத் தயாரிப்பு, வெளிநாட்டுச் சரக்கு தடுக்கப்பட்டிருந்தது, கேட்டவுடன் கிடைக்காது. பார்க்க மிகப் பெரிய கோட்டை. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் தொடங்கி ஓசூரில் ஆலை போட்டன. குவார்ட்ஸ் கடிகாரம், நல்ல வடிவம், பளபளப்பான ஷோரூம். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. போட்டி இல்லாததால் வந்த இடம் அது, போட்டியைத் தாங்கும் பலத்தால் வந்த இடம் இல்லை. சந்தையில் முதலிடம் என்பதும் அகழி என்பதும் வேறு வேறு. ஒரு கம்பெனி இதுவரை யாரோடும் மோதவே இல்லையென்றால் அதன் அகழியின் ஆழம் யாருக்கும் தெரியாது.

பெயிண்டுக்கு அந்த மோதல் 2024-ல் வந்தது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம் நிறுவனம் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஆறு ஆலைகள் திட்டமிட்டு, பிப்ரவரியில் பிர்லா ஓபஸ் என்ற பெயரில் இறங்கியது. ஆறில் ஒன்று நம் செய்யாறில். இவர்கள் எல்லோரையும் போல வரவில்லை. கடைக்காரருக்குக் கலர் மெஷினை இலவசமாகக் கொடுத்தார்கள், அதே விலைக்குக் கூடுதல் அளவு கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன கோழி முட்டை வட்டத்தைப் பணத்தால் உடைக்க முயன்றார்கள் என்று சொல்லலாம். விற்பனை வரும் வரை காத்திராமல் ஆலை, கிடங்கு, மெஷின் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டார்கள். நஷ்டத்தைத் தாங்க இவர்களிடம் குழுமத்தின் சிமெண்டுத் தொழிலில் வரும் பணம் இருக்கிறது. அகழியைத் தாண்ட வருகிறவரிடம் இந்த இரண்டும் இருந்தால் அது சாதாரணப் போட்டி இல்லை.

2024-25 நிதியாண்டில் ஏசியன் பெயிண்ட்ஸின் வருவாய் 35,000 கோடிக்குக் கொஞ்சம் மேலிருந்து 34,000 கோடிக்குக் கீழே இறங்கியது. நிகர லாபம் சுமார் 5,460 கோடியிலிருந்து சுமார் 3,670 கோடி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அகழி உடைந்துவிட்டது என்று ஒரு கூட்டமும், ஒரு வருடத்து மந்தம்தான் என்று இன்னொரு கூட்டமும் பேசின. இரண்டு பக்கமும் உணர்ச்சியோடு பேசியதைக் கேட்டுக் குழம்புவதை விட, இந்த மாதிரி நேரத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், பக்கத்துக் கோட்டைகளைப் பார்க்க வேண்டும். மொத்தத் தொழிலுமே படுத்திருந்தால் அது காலநிலை. இவர் மட்டும் படுத்திருந்தால் அது காயம். அதே நிதியாண்டில் நகரங்களில் தேவை மந்தம் என்று எல்லாப் பெயிண்ட் கம்பெனியும் சொன்னது உண்மை, ஆனால் இரண்டாம் இடத்தில் உள்ள பெர்ஜர் பெயிண்ட்ஸின் வருவாய் குறையவில்லை, சில சதவீதம் கூடியது. ஆகவே எல்லாவற்றையும் மந்தத்தின் மேல் போட முடியாது. இது எனக்குக் கவலை தந்த விஷயம்.

அடுத்து, விற்ற அளவும் ரூபாயும் தனித்தனியே எப்படிப் போகின்றன என்பது. உள்நாட்டு வீட்டுப் பெயிண்டில் ஏசியன் பெயிண்ட்ஸ் விற்ற அளவு அந்த வருடம் லேசாகக் கூடவே செய்தது, ரூபாய்தான் குறைந்தது. அதாவது கடைகள் வாங்குவதை விடவில்லை, ஆனால் விலைக் குறைப்பு, தள்ளுபடி, மலிவு ரகத்துக்கு மாறுவது இவற்றால் பக்கெட்டுக்குக் கிடைப்பது சுருங்கியது. இடத்தைக் காப்பாற்ற லாபத்தைக் கொடுத்தார்கள். இது அகழியை உடைத்ததும் இல்லை, சேதமே இல்லாததும் இல்லை. சில வருடம் இப்படிக் கொடுத்து, எதிராளி சோர்ந்ததும் திரும்ப விலை ஏற்ற முடிந்தால் அகழி இருந்தது என்று அர்த்தம். ஏற்றவே முடியாமல் போனால் லாபம் நிரந்தரமாக ஒரு படி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மோசமான வருடத்திலும் ஆர்.ஓ.சி.இ. 20-க்கு மேல்தான் நின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நம் மாங்கூழ் ஆலைக்கு இரண்டு பக்கத்து ஆலைகள் வந்ததற்கே 25 என்பது 5 ஆனது. இங்கே 10,000 கோடி வந்தும் அந்த நிலை வரவில்லை.

மூன்றாவதாக நான் பார்ப்பது எந்தச் செலவு கூடுகிறது என்பதை. லாபம் குறைந்தது மூலப்பொருள் விலையால் என்றால் அது வரும் போகும். விளம்பரம், கடைக்காரர் சலுகை, பெயிண்டருக்குப் பக்கெட்டில் வைக்கும் டோக்கன், இவை வருடா வருடம் கூடினால், முன்னால் சும்மா கிடைத்த விசுவாசத்துக்கு இப்போது காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். ஆண்டறிக்கையில் 'மற்ற செலவுகள்' என்ற தலைப்பை விரித்துக் காட்டும் குறிப்பு இருக்கும், மூன்று வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்து வருவாயில் அது எத்தனை சதவீதம் என்று போட்டால் அரை மணி நேர வேலை. இதை நிறையப் பேர் செய்வதில்லை. முதலாளி பேட்டியைக் கேட்பதை விட இது பயன்.

இவ்வளவு நேரமும் கம்பெனியைப் பற்றிப் பேசினோம், பங்கின் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுகிறார்கள். அகழி இருக்கிறது, அப்புறம் என்ன, என்ன விலைக்கும் வாங்கலாம் என்று நினைப்பு.

2022 ஜனவரியில் ஏசியன் பெயிண்ட்ஸ் பங்கு 3,500 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன் முடிந்திருந்த நிதியாண்டில் ஒரு பங்குக்கு லாபம் சுமார் 33 ரூபாய். நூறு மடங்குக்கு மேல். அதாவது லாபம் அப்படியே நின்றால் போட்ட பணம் திரும்ப நூறு வருடம். அந்த விலை கொடுத்தவர், லாபம் பல வருடம் வேகமாக வளரும், யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று இரண்டையும் சேர்த்து நம்பி வாங்கினார். லாபம் வளர்ந்தது. 2023-24-ல் ஒரு பங்குக்குச் சுமார் 57 ரூபாய், 33-லிருந்து எழுபது சதவீதத்துக்கு மேல் கூடியது. கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் 2024 மார்ச் கடைசியில் பங்கு 2,850 ரூபாய் பக்கத்தில் இருந்தது. நூறு மடங்கு என்பது ஐம்பது மடங்காகச் சுருங்கியதால், லாப வளர்ச்சி முழுவதையும் அது விழுங்கிவிட்டு மேலும் கொஞ்சம் கடித்தது. இது பிர்லா ஓபஸ் வந்து ஒரு மாதம்தான் ஆன நேரம், லாபத்தில் அடி விழுவதற்கு முன்னால். அடி விழுந்தபிறகு 2025 மார்ச்சில் 2,300 பக்கம்.

என்னைக் கேட்டால், நான் விலையைப் பார்க்கும் முறை எளிது. இந்த மடங்கு பத்து வருடத்தில் பாதியாகிவிடும் என்று முதலிலேயே வைத்துக்கொள்கிறேன். பாதியானால், லாபம் வளர்வதில் வருடத்துக்குச் சுமார் 7 சதவீதம் அதற்கே போய்விடும். லாபம் வருடம் 15 சதவீதம் வளர்ந்தால் எனக்குக் கையில் நிற்பது 7, 8 சதவீதம், கூடவே டிவிடெண்டு. அது பேங்க் டெபாசிட் வட்டியை விட ஒன்றும் பெரிதில்லையே, இதற்கு ஏன் பத்து வருடம் கண் விழிக்க வேண்டும் என்று தோன்றினால் காத்திருப்பேன். மடங்கு குறைவாக இருக்கும்போது வாங்கினால் இந்தத் தண்டனை சின்னதாகும். நல்ல கம்பெனியைப் பட்டியலில் எழுதி வைத்து நாலைந்து வருடம் வாங்காமலே இருப்பதும் இந்த முறையின் ஒரு பகுதிதான். இந்தப் பங்கை இப்போது வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. விளக்குவதற்கு இவ்வளவு பொருத்தமான உதாரணம் வேறு கிடைக்கவில்லை, அதனால்தான் எடுத்தேன்.

இதே கேள்விகளை வேறு தொழிலுக்கும் கொண்டு போகலாம், ஆனால் பதில் வேறாக இருக்கும். பெயிண்டில் அகழி கடைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஓடும் வண்டியில் இருந்தது. பேங்கில் அது மலிவாகக் கிடைக்கும் சேமிப்புக் கணக்குப் பணத்தில் இருக்கலாம் (பேங்குக்கு ஆர்.ஓ.சி.இ. பொருந்தாது, அங்கே கடன் என்பதே சரக்கு, அதற்கு வேறு அளவுகோல்). கணக்கு மென்பொருளில் அது மாறுவதன் தலைவலியில் இருக்கும்: ஒரு அலுவலகம் பத்து வருடக் கணக்கை ஒன்றில் வைத்திருந்தால் இன்னொன்று பாதி விலைக்கு வந்தாலும் எளிதில் மாறாது. எந்தத் தொழில் என்றாலும், நீங்கள் பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருந்தால் தொடங்குவதற்கு நல்லது. நானே மருந்துக் கம்பெனிகளைத் தொடுவதில்லை. எண்கள் அழகாக இருக்கும், ஆனால் அந்த எண்ணை யார், எப்படித் தாக்குவார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

போன மாதம் கணக்கு எழுதப் போனபோது மாமா கடையில் இரண்டாவது மெஷின் மாறியிருந்தது. பழையதை எடுத்துவிட்டு இலவசமாக வந்த புது மெஷினை அந்த இடத்தில் வைத்திருந்தார். முதல் மெஷின் அப்படியே இருந்தது. எந்த மெஷினில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். புதியதில் பட்டியும் பிரைமரும் மலிவு ரகமும் போகின்றன, வீட்டு முன்பக்கத்துக்கு விலை உயர்ந்த ரகம் கேட்டு வருகிறவர்கள் இன்னும் பழைய கார்டையே எடுக்கிறார்கள் என்றார். "பெயிண்டர் ரெண்டு மூணு பேரு புதுசையும் கேக்க ஆரம்பிச்சிருக்கான் மாப்ள, ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றும் சொன்னார். அவருடைய பில் புத்தகத்தில் விலை உயர்ந்த ரகத்தை மட்டும் தனிப் பத்தியாக எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், கம்பெனிவாரியாக, மாதாமாதம். ஒரு கடையை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது, அதனால் பாலக்கோட்டிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் தெரிந்த இரண்டு கடைக்காரர்களிடமும் இதே கணக்கைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டறிக்கை வரும்போது இந்த மூன்று நோட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.